போனில் ஓடுகிறது, டிவியில் சுற்றுகிறது: டிவியின் வைஃபையை நாமே சோதிப்பது எப்படி

வீட்டில் எல்லார் போனிலும் படம் தடையில்லாமல் ஓடுகிறது. டிவியில் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் உறைந்து, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டால் ஆள் வருகிறார், மோடத்தில் வைத்துச் சோதிக்கிறார், லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். வீட்டு வாசல் வரை இணையம் சரியாகவே வந்து சேர்கிறது. ரவுட்டரிலிருந்து டிவி வரை இருக்கும் சில மீட்டர் தூரத்தில்தான் கோளாறு. அந்தச் சில மீட்டரை யாரும் வந்து சோதிப்பதில்லை, நாம்தான் பார்க்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு போனும் டிவியின் ரிமோட்டும் போதும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஃபைபர் லைன், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர். மேல் மாடி, கீழ் மாடி, இடது வலது வீடுகள் எல்லாமே ஒரே காற்றில் வைஃபை அலையை விடுகின்றன. தரைவீட்டில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு மாதிரி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

போன் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது

"போனில் நன்றாகத்தானே வருகிறது, அப்படியானால் வைஃபை சரிதானே?" என்று கேட்பார்கள். போனுக்கும் டிவிக்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

முதலில், போன் சின்னத் திரை. அதற்கு அனுப்பப்படும் படம் பெரும்பாலும் குறைந்த தரத்தில் இருக்கும், நமக்குக் கண்ணில் தெரியாது. டிவி முழுத் தரத்தைக் கேட்கும். நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கைப் பாருங்கள்: 720பி படத்துக்கு விநாடிக்கு 3 மெகாபிட், 1080பி படத்துக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் தேவை. அதே வைஃபையில் போனுக்குப் போதுமான வேகம் டிவிக்குப் போதாமல் போகலாம்.

இரண்டாவது, போன் நம் கையோடு நகர்கிறது. சமையலறையில் அலை சரியில்லை என்றால் நாம் அறியாமலே இரண்டு அடி தள்ளி நிற்போம். டிவி சுவரில் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. அதன் வைஃபை ஆன்டெனா பின்பக்கத்து மூடிக்குள், உலோகத் தகடுகளுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். விலை குறைந்த டிவிகளில் வைஃபை சில்லும் எளிமையானதாகவே இருக்கும். அதே விலையில் வாங்கும் போனில் இதைவிட நல்ல வைஃபை இருப்பது சாதாரணம்.

மூன்றாவதுதான் நிறையப் பேரை ஏமாற்றுவது. வைஃபை தடுமாறினால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். ஐபோனில் இதற்கு Wi-Fi Assist என்று பெயர். ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே போன்ற வசதி உண்டு. நீங்கள் வைஃபையில் படம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், படம் வருவதோ சிம் கார்டு வழியாக.

அதனால் போனை வைத்துச் சோதிப்பதாக இருந்தால் ஒழுங்காகச் சோதியுங்கள். போனை விமான முறையில் போடுங்கள், பிறகு வைஃபையை மட்டும் திரும்ப இயக்குங்கள். டிவிக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்து பார்க்காமல், டிவியின் பக்கத்தில் போய், பின்பக்கத்து ஓரத்தில் போனை வைத்து fast.com என்ற பக்கத்தைத் திறங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் வேகச் சோதனை, திறந்ததுமே தானாக ஓடும். வரும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது டிவியின் வேகம் இல்லை. டிவி இருக்கும் இடத்தில் ஒரு நல்ல கருவிக்கு என்ன கிடைக்கிறது என்பது மட்டுமே.

இனி டிவியிடமே கேளுங்கள்

சாம்சுங், எல்ஜி டிவிகளில் இணைய உலாவி இருக்கும். அதைத் திறந்து அதே fast.com பக்கத்துக்குப் போங்கள். ரிமோட்டில் எழுத்து எழுத்தாக அழுத்துவது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும், ஆனால் எட்டு எழுத்துதான். கூகுள் டிவி வகையில் உலாவி பொதுவாக இருக்காது. அதில் நெட்ஃபிளிக்ஸ் செயலியில் Get Help பகுதிக்குள் இணைப்பைச் சோதிக்கும் Check your network இருக்கும். இல்லாவிட்டால் யூடியூப் வழி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது யூடியூப் வழிதான், ஏனென்றால் அது படம் ஓடும்போதே உண்மையைக் காட்டுகிறது. டிவியில் யூடியூப்பைத் திறந்து, உயர்ந்த தரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு நீண்ட வீடியோவைப் போடுங்கள். ஓடும்போது ரிமோட்டில் ஓகே அழுத்தினால் கீழே பொத்தான்கள் வரும். பல்சக்கரப் படத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் Stats for nerds என்பதை இயக்குங்கள். திரையின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டத்தில் எண்கள் ஓடும். அதில் மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

Connection Speed என்பது அந்த நேரத்தில் டிவிக்கு வந்து சேரும் வேகம். அது கிலோபிட்டில் இருக்கும், 25000 என்று காட்டினால் 25 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

Buffer Health என்பது இன்னும் எத்தனை விநாடிக்கான படம் முன்கூட்டியே டிவிக்குள் வந்து தயாராக இருக்கிறது என்பது. இதுதான் உயிர் எண். இணைப்பு நன்றாக இருந்தால் இது ஒரு அளவுக்கு ஏறி, அங்கேயே கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டு நிற்கும். இணைப்பு திணறினால் நம் கண் முன்னாலேயே இறங்கும்: 30, 22, 15, 8, 3. பூஜ்யத்தைத் தொட்டதும் படம் நிற்கும், வட்டம் சுற்றும். இப்படி இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால், வட்டம் வரப்போவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மூன்றாவது, விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கை. Frames என்று இருக்கும் வரியில் அது வரும். Buffer Health நல்ல நிலையில் இருக்க, இந்த எண் மட்டும் விடாமல் ஏறிக்கொண்டு, படம் வெட்டி வெட்டி ஓடினால், குற்றம் வைஃபையில் இல்லை. டிவியின் சில்லுக்கு அந்தத் தரத்தைக் கையாள முடியவில்லை. ரவுட்டரை மாற்றினாலும் அது தீராது. தரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும், அல்லது டிவியைப் பிளக்கிலிருந்து கழற்றிப் புதிதாக இயக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையை மத்தியானம் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தொல்லை எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் செய்யுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இரவு உணவுக்குப் பிறகு, எல்லா வீட்டிலும் டிவி ஓடும் நேரம்.

ஹாட்ஸ்பாட் சோதனை

டிவியின் வேகம் குறைவு என்று தெரிந்துவிட்டது. ஆனால் டிவியின் வைஃபையே பழுதா, அல்லது வீட்டு வைஃபை டிவிக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லையா? இதைப் பிரித்துக் காட்ட ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்குங்கள், போனை டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள், டிவியை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். பிறகு அதே வீடியோவை, அதே தரத்தில் ஓட்டுங்கள்.

அதற்கு முன்னால் மொபைல் டேட்டா உண்மையில் வேகமாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபையை அணைத்துவிட்டுப் போனிலேயே fast.com ஓட்டினால் தெரிந்துவிடும். டேட்டா செலவையும் மனத்தில் வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிகாபைட் வரையும், 4கே 7 ஜிகாபைட் வரையும் இழுக்கும். பத்து நிமிடம் ஓட்டினாலே விடை கிடைத்துவிடும்.

ஹாட்ஸ்பாட்டில் படம் நிற்காமல் ஓடினால், டிவியும் செயலியும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில்தான் சிக்கல். ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே இருந்தும் சுற்றினால், டிவியை ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். ரிமோட்டில் அணைத்தால் பெரும்பாலான டிவிகள் தூங்குமே தவிர முழுதாக அணையாது. சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, திரும்பப் போடுங்கள். வாரக்கணக்கில் தூங்கி எழுந்துகொண்டே இருந்த டிவி, இதற்குப் பிறகு நன்றாக ஓடுவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

செந்தூலில் ஒரு வீடு

கோலாலம்பூர் செந்தூலில், ஓர் உயரமான அடுக்குமாடியில் என் சின்னம்மா இருக்கிறார். ஹாலில் ரவுட்டர், அதே ஹாலின் எதிர்ச் சுவரில் டிவி. நடுவில் நாலு மீட்டர்கூட இருக்காது, சுவரும் கிடையாது. டிவியின் வைஃபைக் குறி முழுக் கோட்டோடு நிற்கிறது. இருந்தும் இரவானால் சீரியல் நின்று நின்று வரும்.

"ஏன்ப்பா, கோடெல்லாம் முழுசா காட்டுதே, அப்புறம் ஏன் சுத்துது?" என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி. அந்தக் கோடு காட்டுவது அலையின் பலத்தை மட்டும்தான். அந்த அலைக்கு வழி காலியாக இருக்கிறதா என்பதை அது காட்டாது. கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் காதுக்கு அருகில் பேசினாலும், கூட்டச் சத்தத்தில் பாதி வார்த்தை விட்டுப்போகுமே, அப்படித்தான்.

இரவு ஒன்பது மணிக்குச் சோதித்தோம். விமான முறையில் போட்ட போனை டிவியின் ஓரத்தில் வைத்தபோது 210 மெகாபிட். டிவியின் உலாவியில் அதே பக்கம்: 6. திரும்ப ஓட்டினால் 3, பிறகு 8. ஒரே இடம், ஒரே ரவுட்டர், இவ்வளவு வித்தியாசம்.

டிவியின் அமைப்புக்குள் போய் எந்த வைஃபைப் பெயரில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தோம். சாம்சுங் என்றால் அமைப்புகளுக்குள் Network Status, எல்ஜி என்றால் General பகுதிக்குள் Network, கூகுள் டிவி என்றால் Network & Internet என்று தேடுங்கள். அந்த ரவுட்டர் இரண்டு பெயரை விடுகிறது: ஒன்று சாதாரணப் பெயர், இன்னொன்று அதே பெயரோடு கடைசியில் -5G. முதலாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, இரண்டாவது 5 கிகாஹெர்ட்ஸ் அலை. சிம் கார்டின் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. டிவி, வாங்கிய அன்று சேர்த்த 2.4 பெயரிலேயே இன்றுவரை இருந்தது.

வைஃபை அலை ஓடும் பாதைகளைச் சேனல் என்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அந்த மாடியில் எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை வீட்டு ரவுட்டரும் இந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்க வேண்டும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்க்கும்போது சின்னம்மாவின் டிவி முறைக்காகக் காத்திருக்கிறது. இது போதாதென்று மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத் சவுண்ட்பாரும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. டிவியின் பின்னால் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் 2012இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

சரி, டிவியை -5G பெயருக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தால், டிவியின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை! போனில் தெரிகிறது, டிவியில் தெரியவில்லை. இந்த இடத்தில் நிறையப் பேர், "இந்த டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் இல்லை போல" என்று விட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

டிவிக்குத் தெரியாத சேனல்கள்

5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் நிறைய. அவற்றில் 52 முதல் 144 வரை உள்ளவை வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்தும் பகுதி. ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி. இந்தத் தலைவலி வேண்டாம் என்று சில டிவிகள் அந்தச் சேனல்களைத் தேடுவதே இல்லை. ரவுட்டரோ, தானாகத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால், கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று 100ஆம் சேனலில் போய் உட்கார்ந்துகொள்ளும். போனுக்கு அது தெரியும். டிவிக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய ரவுட்டரின் அமைப்புக்குள் போக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். முகவரி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்:

```
192.168.0.1
192.168.1.1
```

வைஃபையில் இருக்கும் போனின் உலாவியில் இதை அடித்துத் திறங்கள். சில புதிய ரவுட்டர்களுக்கு நிறுவனத்தின் செயலி வழியாகத்தான் உள்ளே போக முடியும். உள்ளே Wireless பகுதியில் 5GHz பக்கத்துக்குப் போங்கள். Channel என்ற இடத்தில் Auto என்று இருப்பதை 36 என்று மாற்றுங்கள். 40, 44, 48 என்றாலும் சரி. அப்படியே Channel Width என்பதையும் பாருங்கள். அது 160 என்று இருந்தால் 80 ஆக்குங்கள். 160இல் விட்டால், 36இல் தொடங்கினாலும் அலை 64 வரை நீண்டு மறுபடியும் ரேடார் பகுதிக்குள் போய்விடும்.

சேமித்ததும் ரவுட்டர் கொஞ்ச நேரம் துண்டிக்கும், பிறகு வரும். சின்னம்மா வீட்டில் இதைச் செய்து, டிவியில் வைஃபைப் பட்டியலைப் புதுப்பித்ததும் -5G பெயர் வந்து நின்றது. சேர்த்தோம். அதே இரவு, அதே சோதனை: 88 மெகாபிட். யூடியூப்பில் Buffer Health ஏறி நின்ற இடத்தை விட்டு இறங்கவில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. டிவியில் பழைய 2.4 பெயரை மறக்கச் சொல்ல வேண்டும். அந்த வைஃபைப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் Forget என்று ஒரு பொத்தான் இருக்கும். இதை விட்டுவிட்டால், ஏதாவது ஒரு நாள் கரண்டு போய் வரும்போது, 2.4 பெயர் முதலில் கிடைத்தால் டிவி அதிலேயே போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டுத் திரும்பவும் சுற்ற ஆரம்பித்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே பெயராக இருந்தால்

இப்போது வரும் பல ரவுட்டர்கள் இரண்டு அலைக்கும் ஒரே பெயரை வைத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்று தாங்களே முடிவு செய்கின்றன. அமைப்பில் இது Smart Connect அல்லது Band Steering என்ற பெயரில் இருக்கும். போன்கள் இதோடு ஒத்துப்போகின்றன. டிவிகள் பல நேரம் 2.4இலேயே ஒட்டிக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெயர்தான் தெரியும், எந்த அலை என்று தெரியாது.

அந்த வசதியை அணைத்து, பெயரைப் பிரிப்பதுதான் வழி. பிரிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் 2.4 அலைக்கே விட்டுவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் புதுப் பெயர் வையுங்கள். வீட்டில் இருக்கும் சிசிடிவி கேமரா, வைஃபை பல்பு, பிரிண்டர் போன்றவை 2.4இல் மட்டுமே இயங்குபவையாக இருக்கலாம். பெயரைத் தலைகீழாக மாற்றினால் அவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

36ஆம் சேனலில் வைத்தும், பெயரைப் பிரித்தும் டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவில்லை என்றால், உங்கள் டிவியில் உண்மையிலேயே அந்த வசதி இல்லை என்று முடிவு செய்யலாம். டிவியின் விவரக் குறிப்பில் Wi-Fi 5 அல்லது 802.11ac என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் நிச்சயம் உண்டு. 802.11n என்று மட்டும் இருந்தால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லாத டிவிக்கு எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கலாம். வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் உள்ளதா என்று பெட்டியில் பாருங்கள். டிவியின் முதுகோடு ஒட்டிச் செருகாமல், கூடவே வரும் சிறு நீட்டிப்பு வயரைப் போட்டு வெளியே கொஞ்சம் தள்ளி இருக்கும்படி விடுங்கள். டிவிக்குப் பின்னால் மறைந்தால் ஸ்டிக்குக்கும் டிவியின் அதே கதிதான்.

வயர் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்

இதுவரை சொன்னது எல்லாம் வயர் போட முடியாதவர்களுக்கு. சில வீடுகளில் ரவுட்டர் டிவி மேசையிலேயே, டிவிக்கு ஓரடி தூரத்தில் இருக்கிறது, டிவி மட்டும் வைஃபையில் தொங்குகிறது. அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. ரவுட்டர் பெட்டியில் ஒரு சின்ன லேன் வயர் வந்திருக்கும். ஒரு முனையை ரவுட்டரின் பின்னால் LAN என்று எழுதிய துளையிலும், மறு முனையை டிவியின் லேன் துளையிலும் செருகுங்கள். டிவியின் அமைப்பில் வயர் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது.

வயர் போட்ட பிறகு வேகச் சோதனையில் 94 மெகாபிட் வரை மட்டும் வரும். "300 மெகாபிட் லைன் எடுத்திருக்கிறேன், மூன்றில் ஒரு பங்குதான் வருகிறதே" என்று கலங்குவார்கள். பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 மெகாபிட்டுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. 4கே படத்துக்கு 15 போதும் என்பதை நினைத்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சில நேரம் இதைவிட அதிக எண்ணைக் காட்டலாம், ஆனால் வயரில் அந்த எண் ஏறி இறங்காது. நேரடி ஒளிபரப்பில் பந்தாட்டம் பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். நேரலையில் டிவியால் படத்தை அதிகம் முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது, கையிருப்பு சில விநாடிகளே. சீரியல் பார்க்கும்போது கண்ணில் படாத வைஃபைச் சறுக்கல், கோல் அடிக்கும் நேரத்தில் அப்படியே தெரிந்துவிடும்.

ரவுட்டர் வாசல் பக்கமும் டிவி உள்ளேயும் இருந்தால், சுவரோரம் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி அதற்குள் கேட் 6 வயரை இழுக்கலாம். வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் இருக்கும் டிவியும் தரைவீடும்

5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பலவீனம் உண்டு, அது சுவரைத் தாண்டத் திணறும். ஒரு செங்கல் சுவர் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடும். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டிய படுக்கையறை டிவி என்றால் கஷ்டம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, டிவி இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். அலையின் பலம் கழித்தல் குறியோடு ஓர் எண்ணாக வரும். -50 என்றால் அருமை. -67 வரை படம் பார்க்கத் தாங்கும். -75க்குப் போனால் எந்த நேரமும் சுற்றும். எண் பெரிதாகப் பெரிதாக அலை பலவீனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு -67 கிடைக்கும் இடத்தில் டிவிக்கு அதைவிட மோசமாகவே கிடைக்கும், அதனால் போனில் -60 பக்கத்தில் வந்தால்தான் நான் நிம்மதியாக இருப்பேன்.

எண் மோசமாக இருந்தால் முதலில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செருப்பு அலமாரிக்குள்ளோ, மின் பெட்டிக்குப் பக்கத்தில் கதவு போட்ட மாடத்துக்குள்ளோ அடைந்து கிடந்தால் வெளியே எடுத்து, இடுப்பு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். இதிலேயே 10 வரை முன்னேற்றம் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

பாயான் லெப்பாஸ் பக்கம், பட்டர்வொர்த் பக்கம் இரண்டு மாடித் தரைவீட்டில் இருப்பவர்கள், கீழே ரவுட்டர் மேலே டிவி என்று வைத்துக்கொண்டு, மாடிக்கு ஒன்றாக வைத்து வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் மெஷ் கருவி வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிவி இதிலும் வம்பு செய்யும். போன் மாடிப்படி ஏறும்போதே மேல் மாடிக் கருவிக்கு மாறிக்கொள்ளும். டிவி முதலில் எதைப் பிடித்ததோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும், அது கீழ் மாடிக் கருவியாக இருந்தாலும். மெஷ் செயலியில் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் டிவி எதில் தொங்குகிறது என்று தெரியும். தவறானதில் இருந்தால் டிவியைச் சுவர் சுவிட்சில் அணைத்துத் திரும்பப் போடுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பல மெஷ் கருவிகளின் பின்னால் லேன் துளை இருக்கும். மேல் மாடிக் கருவியை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு சின்ன வயரை டிவிக்குப் போடுங்கள். இப்போது டிவியின் பலவீனமான வைஃபைக்கு வேலையே இல்லை. கீழ் மாடியோடு பேசுவது மெஷ் கருவியின் நல்ல ஆன்டெனா. வயர் இழுக்க முடியாத வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

வைஃபை குற்றவாளி இல்லாதபோது

வயர் போட்டும் சுற்றுகிறது, ஆனால் ஒரே ஒரு செயலியில் மட்டும்தான் என்றால், அந்தச் செயலியைப் புதுப்பியுங்கள், அதன் தற்காலிக நினைவை அழியுங்கள், இல்லாவிட்டால் நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். டிவியின் சேமிப்பிடம் நிரம்பியிருந்தாலும் இப்படி நடக்கும். எல்லாச் செயலியிலும் சுற்றி, வயரில் வேகமும் குறைந்து, விமான முறையில் வைத்த போனிலும் ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் குறைவாக இருந்தால், இப்போது இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அப்போது உங்கள் கையில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: வயரில் டிவிக்கு வந்த வேகம், ரவுட்டர் பக்கத்தில் போனுக்கு வந்த வேகம், இரண்டையும் எடுத்த நேரம். "டிவி சுற்றுகிறது" என்று மட்டும் சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். எண்ணைச் சொன்னால் லைனைச் சோதிக்க ஆள் அனுப்பும் பேச்சுக்கு நேராகப் போகலாம்.